மோட்டார் எப்படி ஆடுகிறது என்று பாருங்கள், ஜூரி சோதனையில் எந்த நிபந்தனை உடைந்தது என்று தெரியும்

ஒரு சின்ன டிசி மோட்டார், வேகத்தை அளக்க ஒரு என்கோடர், 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஓடும் பி.ஐ. கண்ட்ரோலர். அமைப்பு இவ்வளவுதான். சிமுலேஷனில் அழகாகப் போய் நிற்கிறது, போர்டில் ஏற்றியதும் மோட்டார் உதற ஆரம்பிக்கிறது. இந்த இடத்தில் நம்மில் பலர் செய்வது `Kp`-யைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. ஆட்டம் நின்றுவிடும். ஆனால் ஏன் ஆடியது என்று தெரியாமலே போய்விடுவதால், அடுத்த மாதம் வேறு மோட்டார் மாட்டும்போது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

நானும் இப்படித்தான் ஒரு வாரம் வீணாக்கினேன். பிறகுதான் ஒன்று பிடிபட்டது: ஒரு டிஸ்கிரீட் அமைப்பின் துருவம் அலகு வட்டத்தை விட்டு வெளியே போக மூன்றே வாசல்கள்தான் இருக்கின்றன. வலது கோடியில் `z = 1`, இடது கோடியில் `z = -1`, இல்லையென்றால் ஒரு சிக்கலெண் ஜோடியாக வட்டத்தின் மேலும் கீழும் ஒரே நேரத்தில். மூலங்களைக் கண்டுபிடிக்காமலே துருவங்கள் எல்லாம் வட்டத்துக்குள் இருக்கின்றனவா என்று சொல்லும் ஜூரி சோதனையின் நிபந்தனைகளும் இந்த மூன்று வாசல்களுக்குத்தான் காவல் நிற்கின்றன. அதனால் மோட்டார் ஆடும் விதத்தை வைத்தே எந்த நிபந்தனை உடைந்திருக்கும் என்று ஊகிக்கலாம், பிறகு கணக்குப் போட்டு உறுதி செய்யலாம். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், எல்லாமே இந்த ஒரே மோட்டாரை வைத்து.

## தொடங்கும் முன்

மோட்டாரின் கால மாறிலி 0.1 வினாடி. கட்டளையையும் வேகத்தையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்துவிட்டோம், அதாவது கட்டளை 0.5 கொடுத்தால் வேகம் கடைசியில் 0.5-க்குப் போய் நிற்கும். சாம்பிள் இடைவெளி 0.02 வினாடி என்பதால், ஒரு சாம்பிளுக்குள் மோட்டாரின் பழைய வேகத்தில் `e^(-0.2) = 0.8187` பங்கு மிஞ்சும், மீதி 0.1813 பங்கு புதுக் கட்டளையிலிருந்து வரும்:

```
w[k+1] = 0.8187*w[k] + 0.1813*u[k]
```

கண்ட்ரோலர் நிரல் எல்லோரும் எழுதுவதுதான்:

```c
e = ref - w;
integ += e;
u = Kp*e + Ki*integ;
```

இதில் `Ki` என்பது ஒரு சாம்பிளுக்கான அளவு, வினாடிக்கானது அல்ல. இந்தக் கட்டுரை முழுக்க `Ki`-யை `Kp`-யில் ஐந்தில் ஒரு பங்காகவே வைத்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து லூப்பை மூடினால் கிடைக்கும் சிறப்பியல்புக் கோவை இது:

```
P(z) = (z-1)(z-0.8187) + 0.1813*((Kp+Ki)*z - Kp)
```

இந்தக் கோவையின் மூலங்கள்தான் துருவங்கள். ஒரு துருவம் `p` என்றால், அமைப்பின் பதிலில் `p^k` என்று ஒரு பகுதி இருக்கும், `k` சாம்பிள் எண். `p = 0.8` என்றால் 1, 0.8, 0.64 என்று தேயும். 1.1 என்றால் வளரும். குறை எண்ணாக இருந்தால் ஒவ்வொரு சாம்பிளிலும் குறி மாறும். சிக்கலெண் ஜோடி என்றால் அலையாக வரும், அந்த அலை தேயுமா வளருமா என்பதை மையத்திலிருந்து துருவத்துக்கு உள்ள தூரம் முடிவு செய்யும். அலகு வட்டம் ஏன் எல்லை என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இருபடிக் கோவைக்கு (`z²`-இன் கெழு 1 என்று வைத்துக்கொண்டு) ஜூரி கேட்பது மூன்றுதான்: `P(1) > 0`, `P(-1) > 0`, `|a0| < 1`. இதில் `a0` என்பது `z` இல்லாத கடைசி எண். முப்படிக்குப் போனால் நாலாவதாக ஒன்று சேரும், அதைத் தேவைப்படும் இடத்தில் பார்ப்போம். அட்டவணை வடிவில் இதைக் கொடுத்தது எலியாஹு ஜூரி, 1960-களின் தொடக்கத்தில்.

இன்னும் ஒன்று, இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள். லாகை ஒவ்வொரு சாம்பிளிலும் எடுங்கள். சீரியல் போர்ட் மெதுவாக இருக்கிறது என்று இரண்டுக்கு ஒன்று எடுத்தால், ஒவ்வொரு சாம்பிளிலும் குறி மாறும் ஆட்டம் லாகில் தெரியவே தெரியாது. ஒரே பக்கம் வளர்வதுபோலத் தெரியும், நீங்கள் தப்பான வாசலில் போய் நிற்பீர்கள். நேரம் போதவில்லை என்றால் 200 சாம்பிளை ரேமில் சேர்த்துவைத்து, மோட்டாரை நிறுத்தியபின் அனுப்புங்கள். அதோடு, சோதனைக்குச் சின்னப் படியாகக் கொடுங்கள்: மோட்டார் பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது `ref`-ஐ 0.02 மட்டும் ஏற்றுங்கள். பெரிய படி கொடுத்தால் பி.டபிள்யூ.எம். உச்சவரம்பில் போய் முட்டும், அதற்கப்புறம் நீங்கள் பார்ப்பது இந்த நேரியல் கணக்கே அல்ல.

## அறிகுறி: ஒரு சாம்பிள் மேலே, அடுத்த சாம்பிள் கீழே

லாகில் வேகம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். காதில் கேட்டால் ஒரு கரகரப்பு, 20 மில்லிவினாடி சாம்பிளுக்கு 25 ஹெர்ட்ஸ். இது இடது வாசல், துருவம் `z = -1`-ஐத் தாண்டிவிட்டது.

`Kp = 10`, `Ki = 2` என்று வைத்துப் பாருங்கள்.

```
P(z) = z² + 0.3565*z - 0.9940
```

`P(1) = 0.3625`, சரி. `|a0| = 0.994`, மயிரிழையில் தப்புகிறது, ஆனால் சரிதான். `P(-1) = 1 - 0.3565 - 0.9940 = -0.35`. இங்கேதான் உடைகிறது. மூலங்களைக் கண்டுபிடித்தால் 0.83, -1.19 என்று வரும். ஒவ்வொரு சாம்பிளிலும் குறி மாறி, 19 விழுக்காடு வளர்கிறது. கடைசி எண்ணை மட்டும் பார்த்து «ஒன்றுக்குள்தான் இருக்கிறது, பரவாயில்லை» என்று விட்டிருந்தால் ஏமாந்திருப்போம்.

எவ்வளவு வரை போகலாம் என்பதையும் இதே நிபந்தனை சொல்லிவிடும். `g = 0.1813*Kp` என்று எழுதினால் `P(-1) = 3.6375 - 2.2*g`. இது நேர் எண்ணாக இருக்க `g` 1.653-க்குக் கீழே இருக்கவேண்டும், அதாவது `Kp` 9.12-க்குக் கீழே. மூலங்களைக் கணினி ஒரு நொடியில் கொடுத்துவிடும்தான், ஆனால் அது ஒரு `Kp`-க்கு ஒரு பதில்தான் கொடுக்கும். ஜூரி நிபந்தனை எல்லையையே கொடுக்கிறது. நான் இன்னும் பேப்பரில் போட்டுப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த அறிகுறிக்கு மருந்து நேரடியானது: ஒரு சாம்பிளுக்குள் கண்ட்ரோலர் தேவைக்கு மேல் திருத்துகிறது, பிழையைத் தாண்டி மறுபக்கம் போய்விடுகிறது. `Kp`-யைக் குறையுங்கள், அல்லது சாம்பிள் இடைவெளியைக் குறையுங்கள். எல்லை 9.12 என்பதற்காக 9-இல் நிறுத்தாதீர்கள், அங்கே துருவம் -0.97 பக்கம் இருக்கும், ரம்பப் பல் அடங்கவே நெடுநேரம் ஆகும்.

## அறிகுறி: ஐந்தாறு சாம்பிளுக்கு ஒரு அலை, ஒவ்வொரு அலையும் பெரிதாகிறது

நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று எழுதுகிறேன்.

`Kp = 5`, `Ki = 1`. மேலே பார்த்த எல்லை 9.12, நாம் அதற்குப் பாதிக்குச் சற்று மேலேதான் இருக்கிறோம். இருபடிக் கோவையின் மூலங்கள் 0.84, -0.10. எல்லாம் பத்திரமாக உள்ளே. சிமுலேஷனில் ஆட்டமே இல்லை. போர்டில் மட்டும் ஏறத்தாழ 116 மில்லிவினாடிக்கு ஒரு அலை வந்து, ஒவ்வொரு அலையும் முந்தையதைவிடக் கால் பங்கு கூடுதலாக வளர்கிறது.

இப்படி சிமுலேஷனும் போர்டும் வேறு வேறாகப் பேசினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒரு சாம்பிள் தாமதம். எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான மைக்ரோகண்ட்ரோலர்களில் பி.டபிள்யூ.எம். பதிவேட்டுக்கு ஒரு நிழல் பதிவேடு இருக்கும். நீங்கள் எழுதும் மதிப்பு அப்போதே வெளியே போகாது, டைமரின் அடுத்த சுற்று தொடங்கும்போதுதான் போகும். கட்டுப்பாட்டு நிரலும் அந்த டைமர் சுற்றும் ஒரே 20 மில்லிவினாடியில் கட்டப்பட்டிருந்தால் முழுதாக ஒரு சாம்பிள் போய்விடும். அல்லது நிரலே அப்படி எழுதப்பட்டிருக்கும்: இன்டரப்டின் தொடக்கத்தில் போன தடவை கணக்கிட்ட `u`-வை வெளியே அனுப்பிவிட்டு, அப்புறம் புது `u`-வைக் கணக்கிடுவது. என் நிரல் அப்படித்தான் இருந்தது. நேரம் துல்லியமாக இருக்கட்டும் என்று யோசித்து நானே செய்தது.

தாமதம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க லூப்பைத் திறந்துவிடுங்கள். `u`-வை நிரலிலேயே 10-ஆவது சாம்பிளில் 0.3-இலிருந்து 0.5-க்கு மாற்றுங்கள். வேகம் 11-ஆவது சாம்பிளில் அசைந்தால் தாமதம் இல்லை. 12-இல்தான் முதல் அசைவு என்றால் ஒரு சாம்பிள் தாமதம்.

தாமதத்தைக் கோவையில் சேர்ப்பது சுலபம், மோட்டார் பகுதியை ஒரு `z` கொண்டு பெருக்கினால் போதும்:

```
P(z) = z(z-1)(z-0.8187) + 0.1813*((Kp+Ki)*z - Kp)
     = z³ - 1.8187*z² + 1.9063*z - 0.9063     (Kp=5, Ki=1)
```

இப்போது முப்படி. இங்கேதான் ஜூரி அட்டவணை தேவைப்படுகிறது. முதல் நிபந்தனைகளைப் பார்ப்போம். `P(1) = 0.1813`, நேர் எண், சரி. படி ஒற்றைப்படை என்பதால் `P(-1)` குறை எண்ணாக இருக்கவேண்டும், -5.63 வருகிறது, சரி. `|a0| = 0.9063`, ஒன்றுக்குள், சரி. மூன்றும் தேறிவிட்டன, இதோடு நிறுத்தினால் நிலைப்பான அமைப்பு என்றுதான் சொல்வோம்.

அட்டவணையின் அடுத்த வரிசைக்குக் கெழுக்களை நேராக ஒரு தடவை, தலைகீழாக ஒரு தடவை எழுதி, குறுக்கே பெருக்கிக் கழிக்கிறோம். `a1`, `a2` என்பவை `z`, `z²` இவற்றின் கெழுக்கள். `z³`-இன் கெழு 1 என்பதால் நமக்குத் தேவையான இரண்டு எண்கள் இப்படி வரும்:

```
b0 = a0*a0 - 1     = 0.8214 - 1      = -0.179
b2 = a0*a2 - a1    = 1.6484 - 1.9063 = -0.258
```

நிபந்தனை `|b0| > |b2|`. 0.179 எங்கே, 0.258 எங்கே. உடைந்துவிட்டது. இது சிக்கலெண் ஜோடியின் வாசல்.

பைத்தானில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளலாம்:

```python
import numpy as np
print(abs(np.roots([1, -1.8187, 1.9063, -0.9063])))
```

அளவுகள் 1.04, 1.04, 0.84 என்று வரும் (வரிசை மாறலாம்). ஜோடியின் கோணம் சுமார் 62 பாகை, 360-ஐ அதால் வகுத்தால் ஒரு அலைக்கு 5.8 சாம்பிள், அதாவது 116 மில்லிவினாடி. சாம்பிளுக்கு 4 விழுக்காடு வளர்ச்சி, 5.8 சாம்பிளில் சேர்ந்து 27 விழுக்காடு. போர்டில் பார்த்தது அப்படியே காகிதத்தில் வந்து நிற்கிறது. தாமதம்தான் காரணம் என்று என்னை நம்பவைத்தது இந்த 116 என்ற எண்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். `a0` என்பது (குறியை விட்டுவிட்டால்) மூன்று துருவங்களின் பெருக்கற்பலன். ஜோடி ஒன்றைத் தாண்டி வெளியே போயிருந்தாலும், 0.84-இல் உள்ள மெய்த் துருவம் பெருக்கற்பலனைக் கீழே இழுத்து 0.906 ஆக்கிவிடுகிறது. அதனால்தான் `|a0| < 1` என்பது மட்டும் முப்படிக்குப் போதாது, அடுத்த வரிசையும் வேண்டியிருக்கிறது. படி கூடக்கூட இந்த ஒளிந்துகொள்ளல் இன்னும் அதிகமாகும்.

எல்லை எங்கே? அதே `g`-யை வைத்து `|b0| > |b2|`-ஐ எழுதினால்:

```
1 - g² > 0.8187 - 0.6187*g
g² - 0.6187*g - 0.1813 < 0
g < 0.8357   =>   Kp < 4.61
```

தாமதம் இல்லாமல் 9.12, ஒரு சாம்பிள் தாமதத்தோடு 4.61. கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது, அதோடு வாசலும் மாறிவிட்டது: தாமதம் இல்லாதபோது இடது வாசல் வழியாக ரம்பப் பல்லாக வெளியேறியது, தாமதம் வந்ததும் ஜோடியாக அலையாக வெளியேறுகிறது. லாகில் ரம்பப் பல் இல்லாமல் ஆறு சாம்பிள் அலை தெரிந்தாலே, இந்த மோட்டாரைப் பொறுத்தவரை, தாமதம் இருக்கிறது என்று அர்த்தம்.

தீர்வுக்கு வருவோம். முடிந்தால் தாமதத்தையே எடுத்துவிடுங்கள்: இன்டரப்டில் அளந்து, கணக்கிட்டு, உடனே எழுதுங்கள், பி.டபிள்யூ.எம். டைமரை வேகமாக, உதாரணத்துக்கு 20 கிலோஹெர்ட்ஸில், ஓடவிட்டால் நிழல் பதிவேட்டின் காத்திருப்பு 50 மைக்ரோவினாடிதான், அதைக் கணக்கிலேயே சேர்க்கவேண்டாம். எடுக்க முடியாது என்றால் `Kp = 2`, `Ki = 0.4` வைத்துப் பாருங்கள், ஜோடி 0.66 தூரத்துக்குள் வந்துவிடும், ஆட்டம் உடனே அடங்கும். `Kp = 4` நிலைப்பானதுதான், ஆனால் ஜோடி 0.93-இல் இருக்கிறது, ஒரு அலைக்கு மூன்றில் ஒரு பங்குதான் குறையும், படி கொடுக்கும்போதெல்லாம் மோட்டார் நாலைந்து முறை தலையாட்டிவிட்டுத்தான் நிற்கும். மூன்றாவது வழி சாம்பிளை 10 மில்லிவினாடியாக்குவது. அப்போது தாமதமும் பாதியாகும், `Kp = 5` அப்படியே இருக்கலாம், ஆனால் கூட்டல் இரண்டு மடங்கு அடிக்கடி நடப்பதால் `Ki`-யை 0.5 ஆக்க மறக்காதீர்கள். `|b0|` 0.77, `|b2|` 0.52. தாராளமாகத் தேறுகிறது.

அளவீட்டுப் பக்கத்திலும் தாமதம் ஒளிந்திருக்கும். என்கோடர் அளவு குதிக்கிறது என்று கடைசி நாலு சாம்பிளின் சராசரியை எடுத்தால், அது மட்டுமே ஒன்றரை சாம்பிள் தாமதம். சத்தத்தைக் குறைக்கப் போட்ட சராசரி ஆட்டத்தைக் கொண்டுவரும், ஆட்டத்தைப் பார்த்து இன்னும் நீளமான சராசரி போடுவார்கள், இன்னும் ஆடும்.

## அறிகுறி: அலை வளரவும் இல்லை, தேயவும் இல்லை

துருவம் சரியாக வட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மையான மோட்டாரில் அப்படி அமைவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது இது: துருவம் வெளியேதான் இருக்கிறது, அலை வளர்ந்து பி.டபிள்யூ.எம். 0-க்கும் 100 விழுக்காட்டுக்கும் முட்டியபின் அதற்குமேல் வளர இடமில்லாமல் அதே அளவில் நிற்கிறது. `u`-வை லாகில் பாருங்கள். உச்சியில் தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் இதுதான், முந்தைய பகுதிக்குப் போங்கள். `u` எங்கும் முட்டவில்லை, ஆட்டமும் என்கோடரின் ஒன்றிரண்டு எண்ணிக்கைக்குள் சின்னதாக இருக்கிறது என்றால் அது அளவீட்டின் படிக்கட்டு காரணமாக வருவது, அதை ஜூரி சோதனையில் தேடாதீர்கள்.

## அறிகுறி: ஆட்டமே இல்லை, ஒரே பக்கம் ஓடிப்போகிறது

வலது வாசல். `P(1)`-ஐப் பாருங்கள். நம் கோவையில் `z = 1` போட்டால் `(z-1)` பகுதி மறைந்து `P(1) = 0.1813*Ki` மட்டும் மிஞ்சும், தாமதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதேதான். ஆக `P(1)` குறை எண்ணாக வர ஒரே வழி லூப்பின் குறி தலைகீழாக இருப்பது: என்கோடரின் ஏ, பி கம்பிகள் மாறியிருக்கும், அல்லது மோட்டாரின் இரண்டு கம்பிகள். மோட்டார் முன்னே போகப்போக நிரல் அது பின்னே போவதாக நினைத்து இன்னும் தள்ளும். `Kp`-யை எவ்வளவு குறைத்தாலும் இது தீராது, ஓடிப்போகும் வேகம்தான் குறையும். லூப்பைத் திறந்து, சின்ன நேர் `u` கொடுத்து, `w` நேர் எண்ணாக வருகிறதா என்று பாருங்கள், ஒரு நிமிட வேலை.

## அறிகுறி: கணக்கில் நிலைப்பான ஃபில்டர், போர்டில் ஏறிக்கொண்டே போகிறது

அதே போர்டில் மோட்டாரின் வெப்பநிலையை மெதுவாக வடிகட்ட ஒரு இரண்டாம் படி ஃபில்டர் வைத்திருந்தேன். இரண்டு துருவங்களும் 0.99-இல்:

```
z² - 1.98*z + 0.9801
```

மிதவைப்புள்ளி இல்லாத சிப் என்பதால் கெழுக்களை 256-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கியிருந்தேன். 506.88 என்பது 507 ஆனது, 250.9 என்பது 251 ஆனது. தசமத்தில் பார்த்தால் மாற்றம் புள்ளிக்குப் பின் நாலாம் இலக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் `P(1)`-ஐப் போட்டுப் பாருங்கள்: `256 - 507 + 251 = 0`. துருவம் நேராக `z = 1`-இல் போய் உட்கார்ந்துவிட்டது. உள்ளே மாறாத வெப்பநிலை வந்தாலும், வெளியே எண் நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது. சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு சென்சாரை மாற்றினேன்.

காரணம் எளிது. சரியான கோவையில் `P(1)` வெறும் 0.0001. 256-இல் ஒரு பங்கு என்பது 0.0039, அந்தப் படிக்கட்டில் 0.0001 என்ற இடைவெளியைக் குறிக்கவே முடியாது. துருவங்கள் 1-ஐ ஒட்டி நெருங்கியிருக்கும்போது கெழுவில் வரும் மிகச்சிறிய உருட்டல் துருவத்தைப் பெரிதாக நகர்த்திவிடும். அதனால் ஜூரி சோதனையை வடிவமைப்புக் கெழுக்களில் ஒருமுறையும், சிப்பில் உண்மையில் போய்ச்சேர்ந்த முழு எண்களில் இன்னொரு முறையும் போடுங்கள். இரண்டாவதுதான் போர்டில் ஓடுவது.

தீர்வு, ஒரு இரண்டாம் படியை இரண்டு முதல் படிகளாகப் பிரித்து வரிசையாக வைப்பது:

```c
y1 += ((x  - y1) * 3) >> 8;
y2 += ((y1 - y2) * 3) >> 8;
```

துருவம் 253/256, அதாவது 0.988. 0.99 இல்லைதான், ஆனால் பத்திரமாக உள்ளே. `x`-ஐ முதலில் 256 அல்லது அதற்கு மேல் பெருக்கிய அளவுகோலில், 32 பிட் மாறிகளில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சின்ன வித்தியாசங்கள் `>> 8`-இல் வெட்டுப்பட்டு `y1` இலக்கை எட்டாமலே நின்றுவிடும்.

## அறிகுறி: அமைப்பு நன்றாக ஓடுகிறது, அட்டவணை மட்டும் கூடாது என்கிறது

இங்கே கோளாறு மோட்டாரில் இல்லை, காகிதத்தில். நான் அடிக்கடி பார்த்தவை சில.

`P(1)` துல்லியமாக 0 வருகிறதா? லூப்பை மூடாமல், திறந்த லூப்பின் கீழ்ப்பகுதியை மட்டும் எடுத்துச் சோதித்திருப்பீர்கள். அதில் இன்டக்ரேட்டரின் `(z-1)` அப்படியே இருக்கும், எப்போதும் 0-தான் வரும்.

`|a0|` ஒன்றைவிடப் பெரிதாக வருகிறது, `np.roots` கொடுப்பதும் எல்லாம் வெளியே இருக்கிறதா? கெழுக்களைத் தலைகீழாக எழுதியிருக்கலாம். நிரலில் கெழுக்கள் `z⁻¹` ஏறுவரிசையில் இருக்கும்: 1, அடுத்து ஒரு சாம்பிள் பழையது, அடுத்து இரண்டு சாம்பிள் பழையது. அதில் முதலாவது 1-தான் `z`-இன் மிகப்பெரிய படிக்குப் போகவேண்டும், `a0`-வாக அல்ல. தலைகீழாகப் போட்டால் ஒவ்வொரு துருவமும் தன் தலைகீழ் எண்ணாக மாறி, 0.8 என்பது 1.25 ஆகத் தெரியும்.

`P(-1)` குறை எண்ணாக வருகிறது என்று பயந்தால், படியை எண்ணுங்கள். இரட்டைப்படை படிக்கு நேர் எண், ஒற்றைப்படைக்குக் குறை எண். தாமதத்தைச் சேர்த்து இருபடியிலிருந்து முப்படிக்கு வந்தபின் பழைய நிபந்தனையையே வைத்துக்கொண்டிருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அதேபோல மிகப்பெரிய படியின் கெழு குறை எண்ணாக இருந்தால் முழுக் கோவையையும் -1-ஆல் பெருக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாக, அட்டவணையின் நடுவில் ஒரு வரிசையின் முதல் எண்ணும் கடைசி எண்ணும் அளவில் சமமாக வந்து, அடுத்த வரிசையின் முதல் எண் 0 ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நிலைப்பானதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் அங்கேயே நிறுத்தலாம்: நிபந்தனை «பெரிது» என்று கேட்கிறது, «சமம்» என்பது தேறவில்லை, எல்லாத் துருவங்களும் கண்டிப்பாக உள்ளே இல்லை என்று பொருள். எத்தனை துருவம் வெளியே, எத்தனை வட்டத்தின் மேலே என்று எண்ணவேண்டுமானால் மட்டும் `z`-க்குப் பதிலாக `(1+ε)z` போட்டு, `ε`-ஐ மிகச்சிறிய நேர் எண்ணாக ஒரு தடவையும் குறை எண்ணாக ஒரு தடவையும் வைத்து அட்டவணையைத் திரும்பப் போடவேண்டும். கையில் கணினி இருக்கும்போது அந்தப் பாடுபட வேண்டாம், `np.roots` போட்டு அளவுகளைப் பார்த்துவிடுங்கள்.